‘ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க’: கிண்டல் எப்படிப் புரிகிறது?

கேள்வி: அத்தை மகன் தான் சுட்ட தோசையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். தோசை இந்திய வரைபடம் மாதிரி இருந்தது. "அருமை, ஓட்டலே வச்சிடலாம்" என்று கிண்டலாக எழுதினேன். அவர் நன்றி சொல்லிவிட்டார்! நேரில் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். சொல்வது ஒன்று, நினைப்பது வேறு என்பது கேட்பவருக்கு எப்படித்தான் தெரிகிறது? குரலை வைத்தா?

பதில்:

குரலுக்குப் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒரு சின்ன சம்பவத்தை எடுத்துக்கொள்வோம்.

காலை 9 மணிக்கு வருவதாகச் சொன்ன பிளம்பர் மதியம் 1 மணிக்கு வந்து நிற்கிறார். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து, "வாங்க வாங்க, ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க" என்கிறார். பிளம்பர் தலையைச் சொறிந்துகொண்டே, "இல்லம்மா, அங்க ஒரு வேலை இழுத்துருச்சு" என்கிறார். அந்த அம்மா தாமதம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனால் பிளம்பர் பதில் சொன்னது தாமதத்துக்குத்தான். காதில் விழுந்த சொற்களை விட்டுவிட்டு, விழாத குற்றச்சாட்டைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது இதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். பிளம்பரை அனுப்பிய கடைக்காரர் அந்த அம்மாவிடம் 9 மணி என்றும், பிளம்பரிடம் 1 மணி என்றும் சொல்லியிருக்கிறார். அதே கதவு, அதே வார்த்தை, அதே குரல். ஆனால் பிளம்பர் இப்போது, "சீக்கிரமா? ஒரு மணின்னுதானேம்மா சொன்னாங்க" என்று விழிப்பார். அந்த அம்மாவின் பக்கத்தில் கிண்டல் குறையாமல் இருக்கிறது. போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். முதல் காட்சியில் இருந்து இரண்டாவதில் காணாமல் போனது குரல் இல்லை. 9 மணி என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அது மற்றவருக்கும் தெரியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும் என்ற அந்தப் பொதுச் சொத்துதான் போய்விட்டது.

சரி, அப்படியானால் கிண்டல் என்றால் உள்ளதற்கு நேர் எதிராகச் சொல்வது, கேட்பவர் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்கிறார், இவ்வளவுதானா? தத்துவ அறிஞர் பால் கிரைஸ் கிட்டத்தட்ட இப்படித்தான் விளக்கினார். 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் அவர் சொன்னதன் சாரம்: பேசுகிறவர் உண்மையைத்தான் சொல்வார் என்று நாம் எதிர்பார்க்கிறோம், அவர் வெளிப்படையாகவே உண்மையல்லாததைச் சொன்னால், ஏதோ சொல்ல வருகிறார் என்று எடுத்துக்கொண்டு, அதனோடு தொடர்புடைய வேறு பொருளைத் தேடுகிறோம், கிண்டலில் அந்தப் பொருள் பெரும்பாலும் சொன்னதற்கு எதிரானது.

இது பாதி தூரம்தான் போகிறது. பிளம்பரிடம் "லேட்டா வந்துட்டீங்க" என்பதுதான் பொருள் என்றால், அதையே சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தச் சுற்று வழி? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிளம்பர் சொன்னபடி சரியாக 9 மணிக்கு வந்து நின்றிருந்தால், "ரொம்ப லேட்டா வந்துட்டீங்க" என்று சொல்லிப் பாராட்ட முடியுமா? எதிர்ப்பதம்தான் கணக்கு என்றால் இதுவும் அதே போல வேலை செய்ய வேண்டும். செய்யாது. அவர் பதறிப்போய் மணியைப் பார்ப்பார்.

இந்த ஒருபக்கச் சாய்வுக்கு நல்ல விளக்கம் டான் ஸ்பெர்பர், டெய்ட்ரி வில்சன் இருவரிடமிருந்து 1981இல் வந்தது. கிண்டல் செய்பவர் தன் கருத்தைச் சொல்வதில்லை, வேறு ஒரு கருத்தை எதிரொலிக்கிறார் என்றார்கள். அது யாரோ உண்மையிலேயே சொன்னதாக இருக்கலாம், நினைத்ததாக இருக்கலாம், எல்லோருக்கும் பொதுவான எதிர்பார்ப்பாகவும் இருக்கலாம். அதை எடுத்து நடந்ததற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இதன் லட்சணத்தைப் பார்" என்கிறார். வேலைக்கு வருகிறவர் நேரத்தோடு வர வேண்டும் என்பது எப்போதும் இருக்கும் எதிர்பார்ப்பு. அதனால் "சீக்கிரம் வந்துட்டீங்க" என்று எந்த நேரமும் எதிரொலிக்கலாம். தாமதமாக வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனவே "லேட்டா வந்துட்டீங்க" என்பதற்கு எதிரொலிக்க மூலக்குரல் கிடையாது.

மூலக்குரலை நாமே ஏற்படுத்திக் கொடுத்தால் இதுவும் வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் முந்தின நாளே, "அந்த ஆள் சாயங்காலம்தான் வருவான், பாருங்க" என்று சொல்லியிருக்கட்டும். மறுநாள் 8:50க்கே பிளம்பர் வந்துவிட்டால், அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆமா, ரொம்பத்தான் லேட்டா வந்துட்டாரு" என்று சொல்லலாம். இப்போது புரியும். குத்து விழுவது பிளம்பர் மேல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மேல். க்ரூஸ், க்ளக்ஸ்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1989இல் கதைகளைப் படிக்கக் கொடுத்துச் சோதித்ததிலும் இதுதான் தெரிந்தது. நல்ல வார்த்தையால் குத்துவதற்கு முன்கதை தேவைப்படவில்லை. கெட்ட வார்த்தையால் பாராட்டும்போது, யாராவது முன்பே அப்படிச் சொல்லியிருந்தால்தான் படிப்பவர்களுக்கு அது கிண்டலாகத் தெரிந்தது.

இந்த எதிரொலிக் கொள்கையைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, தமிழில் பேசுகிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான். நம்மிடம் இதற்கென்றே ஒரு விகுதி இருக்கிறது. "மழை வருமாம்" என்றால் நான் சொல்லவில்லை, யாரோ சொன்னார்கள் என்று பொருள். அதே -ஆம் விகுதியை வைத்து, புத்தகத்தை மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிற பையனைப் பார்த்து, "துரை படிக்கிறாராம்" என்கிறோம். இது என் கூற்றில்லை, அவன் கூற்று, நான் சும்மா திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான் என்று அந்த ஒற்றை விகுதி அறிவித்துவிடுகிறது. "இவரு பெரிய கலெக்டராக்கும்" என்பதில் வரும் -ஆக்கும் செய்வதும் ஏறக்குறைய இதையே. தன்னைப் பற்றி அவர் நினைத்துக்கொண்டிருப்பதாக நாம் நினைப்பதை, அவர் சார்பில் நாமே சொல்லிவிடுகிறோம்.

மரியாதை இன்னொரு கருவி. அக்கா தம்பியை எப்போதும் "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவன் எழுந்து வரும்போது "வாங்க சார், காபி கொண்டு வரட்டுங்களா?" என்கிறாள். அந்த வாக்கியத்தில் பொய்யே இல்லை; அது ஒரு கேள்வி. எதிர்ப்பதமாகத் திருப்பிப் போடவும் அதில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் தம்பிக்கு உடனே சுடும். அந்த வீட்டில் அவனுக்குரிய அளவைவிட மரியாதை கூடிவிட்டது, அவ்வளவு போதும். முன்பின் தெரியாத ஒரு விருந்தாளி இதைக் கேட்டால், எவ்வளவு பணிவான அக்கா என்று நினைத்துக்கொண்டு போவார்.

சில சொற்றொடர்கள் கிண்டலிலேயே ஊறி, பழைய பொருளை இழந்துவிட்டன. "நீ செஞ்சு கிழிச்ச", "நல்ல கதையா இருக்கே", "நல்ல ஆளுய்யா நீ". இவற்றைக் கேட்பவர் எந்தக் கணக்கும் போடுவதில்லை. அகராதியில் இருக்கும் பொருள் மாதிரி நேராகவே எடுத்துக்கொள்கிறார். இவற்றைத்தான் எழுத்தில் பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

இப்போது குரலுக்கு வருவோம். கிண்டலுக்கென்று தனித் தொனி உண்டு என்பது பலரின் நம்பிக்கை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் கிண்டலின்போது குரலின் சுருதியைக் கொஞ்சம் தாழ்த்துகிறார்கள் என்று ஆய்வுகளில் தெரிந்தது உண்மைதான். ஆனால் சியாங், பெல் என்ற இருவர் 2009இல் ஆங்கிலத்தையும் ஹாங்காங் பகுதியில் பேசப்படும் காண்டனீஸ் மொழியையும் ஒப்பிட்டபோது, காண்டனீஸ்காரர்கள் சுருதியை உயர்த்தியிருந்தார்கள். ஒரே வேலை, எதிர் எதிர்த் திசைகள். பிரையன்ட், ஃபாக்ஸ் ட்ரீ என்ற ஆய்வாளர்கள் இயல்பான பேச்சில் வந்த கிண்டல்களை எடுத்து அலசி, இதுதான் கிண்டலின் தொனி என்று காட்டும்படி தனியாக ஒன்று இல்லை என்ற முடிவுக்கு 2005இல் வந்தார்கள். குரல் செய்வது ஒரு சைகை மட்டும். இவ்வளவு நேரம் பேசியதிலிருந்து குரல் சட்டென்று மாறுகிறது, இழுக்கிறது அல்லது மொட்டையாகிறது. ஏதோ இருக்கிறது, கவனி என்கிறது. என்ன இருக்கிறது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

குரலே இல்லாமல் கிண்டல் புரியும் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சி புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவையார் சொல்கிறார்: இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் அழகாகத்தான் இருந்தன. பாட்டின் மேலோட்டமான வடிவம் அவனுக்குச் சாதகமானது. கேட்பவனின் மனதில் இருக்கும் ஒரு சாதாரண உண்மைதான் அதைத் திருப்பிப் போடுகிறது: ஆயுதம் போருக்கானது, பளபளக்கும் ஆயுதம் போரைப் பார்க்காதது. அதைத் தொண்டைமான் தானாகவே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. "நீ போர் தெரியாதவன்" என்று ஔவை சொல்லவில்லை, எனவே தூதரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. கோபித்தால் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவன் அவன் என்றாகிவிடும். வஞ்சப்புகழ்ச்சியின் வசதி இதுதான். சொன்னவர் கையில் கத்தி இருக்காது, குத்துப்பட்டவர் கையில் இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த வாசிப்பு நமக்குக் கிடைத்தது பாட்டால் மட்டும் இல்லை. தொண்டைமானுழைத் தூது சென்றபோது அவன் கொட்டிலைக் காட்டப் பாடியது என்று பாட்டுக்குக் கீழே பழைய குறிப்பு ஒன்று வருகிறது. தொண்டைமான் பெயர் பாட்டுக்குள் எங்கும் இல்லை. அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் நமக்குக் கிடைப்பது பெயர் சொல்லாத ஒரு மன்னனைப் புகழும் பாட்டு. யார் முகத்துக்கு நேரே இது சொல்லப்பட்டது என்று தெரியாது. ஏட்டில் அந்த அம்மாவின் 9 மணியை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், நம் நல்லகாலம்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே கதைதான். என் தங்கை பையனுக்கு ஐந்து வயது. பாலைத் தரையில் கொட்டிவிட்டான். "ரொம்ப நல்ல வேலை பண்ணிட்ட, கண்ணா" என்றாள் அவன் பாட்டி. அவன் சிரித்தான். பாட்டியின் குரலில் எரிச்சல் நன்றாகவே இருந்தது. பால் கொட்டியதும் அவனுக்குத் தெரியும். அவனிடம் இல்லாதது அடுத்த படி: பால் கொட்டியது பாட்டிக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்பதும் பாட்டிக்குத் தெரியும், ஆகவே பாட்டி என்னை நம்ப வைக்கப் பார்க்கவில்லை. பொய்க்கும் கிண்டலுக்கும் உள்ள வேறுபாடு இந்தப் படியில்தான் இருக்கிறது. இரண்டிலும் சொன்னது உண்மையில்லை. பொய்யில் நீ நம்ப வேண்டும் என்று பேசுகிறவர் விரும்புகிறார். கிண்டலில் நீ நம்பமாட்டாய் என்று நம்பிப் பேசுகிறார். ஒருவர் மனதுக்குள் இன்னொருவர் மனதை வைத்துப் பார்க்கும் இந்தத் திறமை பொதுவாக ஆறு வயதையொட்டித்தான் தலைகாட்டுகிறது, நன்றாக ஊன்ற இன்னும் சில வருடங்கள் ஆகும். அதுவரை குழந்தைகள் கிண்டலைப் பாராட்டாகவோ பொய்யாகவோதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது குறைத்துச் சொல்வது. "பரவாயில்லை", "ஏதோ கொஞ்சம் இருக்கு", "சுமாரா ஓடுது" எல்லாம் இந்த வகை. பலர் இதைக் கிண்டலின் சாதுவான தம்பி என்று நினைக்கிறார்கள். ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில் இதுதான் மோசம். காரணம் எளிது. "சீக்கிரம் வந்துட்டீங்க" என்பது அப்பட்டமான பொய். அது காதில் மணி அடிக்கிறது. "கொஞ்சம் சிரமமாக இருக்கிறது" என்பது பெரும் சிரமத்திலும் பொய்யாகாது. மணி அடிக்கவே அடிக்காது. உண்மை நிலவரம் வேறு வழியில் தெரிந்திருந்தால் ஒழிய, கேட்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கொரியப் போரில் இப்படி ஒன்று நடந்தது. 1951 ஏப்ரல் 22 முதல் 25 வரை இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படைகளின் பெரும் தாக்குதல். பிரிட்டனின் குளோஸ்டர்ஷர் படைப்பிரிவு, பல மடங்கு பெரிய எதிரிப் படையால் சூழப்பட்டு ஒரு குன்றில் மாட்டிக்கொண்டது. அது இடம்பெற்றிருந்த பிரிட்டிஷ் பிரிகேடு அப்போது ஓர் அமெரிக்க டிவிஷனின் கீழ் இருந்தது. நிலைமை என்ன என்று அமெரிக்க ஜெனரல் ராபர்ட் சோல் கேட்க, பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிராடி சொன்ன பதில், கீழே நிலைமை கொஞ்சம் இக்கட்டாக இருக்கிறது என்ற அளவில் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பிராடி பழகிய வட்டத்தில் ஒரு அதிகாரி அப்படிச் சொன்னால் தலைக்கு மேல் வெள்ளம் என்று அர்த்தம். சோல் காதில், கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கிறார்கள் என்று விழுந்தது. உடனே பின்வாங்க அனுமதியும் வரவில்லை, போதிய உதவியும் வரவில்லை. கடைசியில் தப்பித்து வந்தவர்கள் சில டஜன் பேர். ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் எழுதுவது மிகை என்பது என் கருத்து. போர்க்களத்தில் வேறு எத்தனையோ கோளாறுகள் இருந்தன. ஆனால் சொல் தவறாக எடையிடப்பட்டது நிஜம். அமெரிக்க ஜெனரல் அந்தக் குன்றைப் பார்க்கவில்லை. இந்த வட்டத்தில் "கொஞ்சம்" என்பதன் எடை என்ன என்பதும் அவருக்குத் தெரியாது. இரண்டில் ஒன்று தெரிந்திருந்தாலும் போதும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 1982 ஜூன் 24 இரவு, ஜாவா தீவுக்கு அருகே பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. விமானி எரிக் மூடி பயணிகளுக்குச் செய்த அறிவிப்பு பிரபலமானது: எங்களுக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன, மறுபடி இயக்க முழுமூச்சாக முயல்கிறோம், நீங்கள் ரொம்பக் கலவரப்படவில்லை என்று நம்புகிறேன். (இன்ஜின்கள் மறுபடி ஓடின, எல்லோரும் பிழைத்தார்கள்.) இதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது. "சின்னப் பிரச்சினை"க்குப் பக்கத்திலேயே அதன் உண்மை அளவையும் அவரே சொல்லிவிட்டார். பிராடி முதல் பாதியை மட்டும் சொன்னார். மூடி இரண்டையும் சொன்னார்.

வள்ளுவர் செய்வதும் இதைத்தான். "தேவர் அனையர் கயவர்" என்று ஆரம்பிக்கிறார். கயவரைத் தேவருக்கு ஒப்பிடுகிறாரே என்று நாம் திகைக்கும்போதே, "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்று காரணம் வருகிறது. கேட்க ஆள் இல்லாமல் தம் இஷ்டத்துக்குத் திரிவதால் இருவரும் ஒன்று. அவர் குரல் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இனி உங்கள் தோசை. உங்கள் வாக்கியத்தில் அந்த இரண்டாம் பாதி இல்லை. தோசை கோணலாக இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அவருக்கு அது ஒருவேளை வாழ்க்கையில் ஒட்டாமல் வந்த முதல் தோசை. அதனால்தான் படமே எடுத்தார். பொதுச் சொத்து என்று நீங்கள் நினைத்தது உங்கள் ஒருவரின் சொத்து. இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. 2005இல் வெளிவந்த ஒரு ஆய்வில், க்ரூகர், எப்லி முதலியோர் சிலரைக் கிண்டல் வாக்கியங்களையும் சாதா வாக்கியங்களையும் கலந்து மின்னஞ்சலில் ஒரு கூட்டாளிக்கு அனுப்பச் சொன்னார்கள், வேறு சிலரைக் குரலில் சொல்லச் சொன்னார்கள். 100க்கு 78 சரியாகப் புரியும் என்று இரு தரப்பும் நம்பியது. குரலில் கேட்டவர்கள் 73ஐச் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். எழுதும்போது நம் தலைக்குள் நம் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது திரையில் இறங்கவில்லை என்பது நமக்கு உறைப்பதே இல்லை.

"அருமை, காஷ்மீர் மட்டும் கொஞ்சம் கருகிடுச்சு" என்று எழுதியிருந்தால், அந்த வரைபட ஒற்றுமை வாக்கியத்துக்குள்ளேயே வந்திருக்கும், அவரும் சிரித்திருப்பார்.

அப்புறம், அந்த "நன்றி"யை நீங்கள் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டது எதை வைத்து? அவருக்கு உங்கள் கிண்டல் முழுசாகப் புரிந்து, முகத்தை மாற்றாமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகும்போது உங்களுக்கு என்ன வடிவத்தில் தோசை வருகிறது என்று பாருங்கள்.